'என்ன இவ்ளோ டல்லாகிட்டீங்க?' - பார்லர் சேரில் கிடைக்கும் ஆறுதலும், கூடவே வரும் லேபிள் இல்லாத டப்பாவும்!

த்ரெட்டிங் செய்யும்போது நீங்க கவனிச்சிருக்கீங்களா? கண்ணை மூடியிருப்போம். ஒரு கை நெத்தியையும் இன்னொரு கை இமையையும் இழுத்துப் பிடிச்சிருக்கும். நூலின் ஒரு முனை பார்லர் அக்காவின் பல்லுக்கு நடுவே இருக்கும். வலி தெரியாமல் இருக்க, பக்கத்து சேரில் நடக்கும் பேச்சை உத்துக் கேட்போம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள், தெருக்கோடி வீட்டில் யாருக்கு வரன் அமைந்தது, எந்த ஸ்கூலில் வேன் ஃபீஸ் ஏறியது, எந்த டாக்டரம்மா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி மாத்திரையிலேயே சரிபண்ணினார் என்பது வரை எல்லாமே தெரிந்துவிடும்.

எங்கள் தெருவில் இருப்பது இரண்டு சேர் போட்ட பார்லர். சென்னையின் புறநகரில், மளிகைக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே மாடிப்படி ஏறிப் போக வேண்டும். கதவில் 'பெண்கள் மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கர், உள்ளே ஒரு பச்சைத் திரை. நான் காலேஜில் சேர்ந்த வருஷத்திலிருந்து அங்கேதான் போகிறேன். முதல் வேலை கிடைத்ததை அம்மாவுக்கு அடுத்து அந்த அக்காவிடம்தான் சொன்னேன். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியதும்தான். அதனால் பெயரும் தெருவும் வேண்டாம்.

முதலில் ஒரு விஷயம். வீட்டைவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போக ஒரு பெண் என்னென்ன காரணம் சொல்ல முடியும்னு யோசிச்சுப் பாருங்க. ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன்னா 'எந்த ஃப்ரெண்டு?' என்று கேள்வி வரும். சும்மா நடந்துட்டு வரேன்னா 'இந்த நேரத்துலயா?' என்பார்கள். 'பார்லருக்குப் போயிட்டு வரேன்' என்றால் மட்டும் பெரும்பாலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கூடவே வரும் கணவர்கூட கீழே பைக்கிலேயே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். படி ஏற மாட்டார். டீக்கடை, சலூன், திண்ணை என்று ஆண்களுக்குக் கூடிப்பேச ஊர் முழுக்க இடம் இருக்கிறது. அந்தத் தெருவில் பெண்களுக்கு என்று கதவு சாத்திக்கொள்ளக் கூடிய ஒரே அறை அந்த மாடி பார்லர்தான்.

அந்த அறையில் வம்புப் பேச்சு மட்டும் நடப்பதில்லை. போன வருஷம் ஒரு மதியம், முழங்கை வரை மூடிய சுடிதாரோடு ஒரு பெண் ஹேர்கட்டுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றித் துணி போடும்போது காதுக்குப் பின்னால் ஒரு காயம் தெரிந்தது. அக்கா ஒன்றும் கேட்கவில்லை. முடியை வெட்டிக்கொண்டே, 'போன மாசம் ஒரு பொண்ணு வந்துச்சு, வீட்ல கொஞ்சம் பிரச்னை, 181க்கு போன் போட்டுச்சு, இப்ப அம்மா வீட்ல நல்லா இருக்கு' என்று யாரிடமோ பேசுவதுபோல் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது, 'அந்த நம்பர் என்ன சொன்னீங்க?' என்று மட்டும் கேட்டார். 181 என்பது அரசின் இலவசப் பெண்கள் உதவி எண். சட்டமும் கவுன்சலிங்கும் எல்லாம் அதற்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அந்த எண்ணைக் காதில் போட யாராவது வேண்டுமே!

இதை ஒரு நாட்டில் சட்டமாகவே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், முடிதிருத்துவோர், அழகுக்கலைஞர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க, குடும்ப வன்முறையின் அடையாளங்களைக் கண்டுகொள்வது பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி பெற வேண்டும் என்று 2016-ல் சட்டம் கொண்டுவந்தார்கள். போலீஸிடம் சொல்ல முடியாததையும் டாக்டரிடம் மறைப்பதையும் முடி வெட்டுபவரிடம் பெண்கள் சொல்கிறார்கள் என்பதுதான் அதன் பின்னாலுள்ள எண்ணம். நம்ம ஊர் அக்காக்களுக்கு அப்படி ஒரு பயிற்சியை யாரும் கொடுத்ததில்லை. அவங்களா கத்துக்கிட்டதுதான்.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டேன். இப்போ இன்னொரு பக்கத்துக்கு வருவோம்.

அதே சேரில்தான், அதே அக்கா என் முகத்துக்கு அரை அடி தூரத்தில் குனிந்து, 'என்ன இவ்ளோ டல்லாகிட்டீங்க? வெயில்ல அலையிறீங்களா? கன்னத்துல பாருங்க, மங்கு மாதிரி வருது' என்பார். நான் த்ரெட்டிங்குக்கு மட்டும்தான் போயிருப்பேன். போன நிமிஷம் வரை என் கன்னம் எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. ஆனால் அந்த டியூப்லைட் வெளிச்சத்தில், அந்தப் பெரிய கண்ணாடியில் பார்த்தால், ஆமாம், ஏதோ இருக்கிறது போலத்தான் தெரியும். உடனே பக்கத்து சேரில் இருப்பவரும் எட்டிப் பார்த்து, 'ஆமாம்மா, கல்யாணத்துக்குப் பாக்குறாங்களா? இப்பவே கவனிச்சுக்க' என்று சேர்ந்துகொள்வார்.

டாக்டர் சொன்னால் ஃபீஸுக்குச் சொல்கிறார் என்று நினைக்கலாம். விளம்பரம் சொன்னால் விளம்பரம்தானே என்று ஸ்க்ரோல் செய்துவிடலாம். ஆனால் என் முதல் சம்பளத்துக்குச் சந்தோஷப்பட்ட மனுஷி சொன்னால்? அதை எப்படித் தட்டுவது? இந்த அழுத்தம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்றால், அது பாசத்தின் குரலில் வருகிறது.

அக்கா ஏன் அப்படிச் சொல்கிறார்? ஒரு நாள் கூட்டம் இல்லாத செவ்வாய்க்கிழமை கேட்டேன். கோபப்படாமல் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். மாடி வாடகை 9,000 ரூபாய். கரன்ட் பில் 2,500. உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு 8,000. வேக்ஸ், பஞ்சு, பவுடர், நூல் என்று 3,000. மொத்தம் 22,500. த்ரெட்டிங்குக்கு 50 ரூபாய். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 பேர். 26 நாள் கடை திறந்தால் 15,600. இன்னும் 6,900 குறைகிறது. இதில் அக்காவுக்கென்று ஒரு பைசாகூட இன்னும் வரவில்லை!

இந்தக் குறையை ஃபேஷியலால்தான் நிரப்ப வேண்டும். 800 ரூபாய் ஃபேஷியலில் கிட்டுக்கு 300 போனால் 500 நிற்கும். ஆக, மாசத்துக்கு 14 பேரையாவது 'டல்லாகிட்டீங்க' என்று நம்பவைத்தால்தான் கடை நஷ்டம் இல்லாமல் ஓடும். அதற்கு மேல் வருவதுதான் அவர் வீட்டுக்கு. இதில் ஆப் மூலம் வீட்டுக்கே வந்து ஃபேஷியல் செய்பவர்கள் வேறு வந்துவிட்டார்கள். 'ஃபேஷியலுக்கு ஒண்ணரை மணி நேரம் முதுகு ஒடியணும். ஒரு க்ரீம் டப்பா 250க்கு எடுத்து 600க்குக் கொடுத்தா 350 ரூபா, ஒரே நிமிஷம்' என்றார். அதாவது, ஏழு பேருக்கு த்ரெட்டிங் செய்து வரும் காசு.

அந்த டப்பாவைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பா. மேலே ஒரு பூப்படம், ஆங்கிலத்தில் 'ஒயிட்டனிங் நைட் க்ரீம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. மற்றதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரியாத ஒரு வெளிநாட்டு எழுத்தில் இருந்தது. தயாரித்த கம்பெனியின் முகவரி இல்லை. 'பத்தே நாள்ல பாருங்க' என்றார் அக்கா. நான் வாங்கவில்லை. புத்திசாலித்தனத்தால் அல்ல, அன்று பர்ஸில் பணமில்லை, அவ்வளவுதான்.

பிறகு வேலைக்காகப் பழைய செய்திகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அகோலா விஷயம் கண்ணில் பட்டது. அகோலா மகாராஷ்டிராவில் இருக்கும் ஊர். அங்கே பயோடெக்னாலஜி படிக்கும் 20 வயதுப் பெண் ஒருவர், உள்ளூர் பியூட்டீஷியன் கொடுத்த க்ரீமைப் போட ஆரம்பித்திருக்கிறார். முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். பிறகு அம்மாவும் அக்காவும் அதையே போட ஆரம்பித்தார்கள். 2022 தொடக்கத்தில் மூன்று பேருக்குமே சிறுநீரகத்தில் பிரச்னை. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு எப்படி என்று குழம்பி, கடைசியில் மும்பை கே.இ.எம் மருத்துவமனை வரை போய் அந்த க்ரீமைப் பரிசோதித்தபோது, அதில் மெர்க்குரி, அதாவது பாதரசம் இருந்தது தெரியவந்தது.

அந்தக் கதையில் விளம்பரம் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பியூட்டீஷியன் சொன்னார், ஒரு பெண் நம்பினார், வீட்டுப் பெண்கள் பின்தொடர்ந்தார்கள். நல்ல டாக்டரின் பெயர் ஒரு பார்லரிலிருந்து எந்த வழியில் பரவுமோ, அதே வழியில்தான் அந்த டப்பாவும் போயிருக்கிறது.

இது ஏதோ தூரத்து ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். பக்கத்தில் கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் இருக்கும் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 'மெம்ப்ரனஸ் நெஃப்ரோபதி' என்ற நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகும் நோய் அது. அந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது, வழக்கமாக அரிதாகப் பார்க்கும் ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர், நோய் வருவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் போட்டதாக ஒப்புக்கொண்டார்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிட்டது என்பதுதான் ஆறுதல். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் 2023-லிருந்து கடைகளில் சோதனை நடத்துவதும் இதனால்தான்.

மெர்க்குரி எப்படி முகத்தைச் சிவப்பாக்குகிறது? நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின். அதை உருவாக்க உடம்புக்கு ஒரு என்சைம் தேவை. மெர்க்குரி அந்த என்சைமை வேலை செய்ய விடாமல் முடக்கிவிடும். அதனால் சில நாள்களிலேயே வித்தியாசம் தெரியும். அதே மெர்க்குரி தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். போட்டவரோடும் அது நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, குழந்தையின் கன்னம் என்று கைபட்ட இடமெல்லாம் போகும். இந்தியாவில் சட்டப்படி முகத்துக்குப் போடும் அழகு சாதனங்களில் மெர்க்குரியைச் சேர்க்கவே கூடாது. தவறிக் கலந்திருந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் யார் செய்தது என்றே எழுதாத டப்பாவிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

எல்லா டப்பாவிலும் மெர்க்குரிதான் இருக்கும் என்றில்லை. சிலவற்றில் இருப்பது ஸ்டீராய்டு. சில இடங்களில் மெடிக்கல் ஷாப் ட்யூப்களையே கலந்து 'ஃபார்முலா க்ரீம்' என்று சின்ன டப்பாவில் கொடுப்பார்கள். சில வாரம் முகம் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு தோல் மெலிந்து, வெயில் பட்டால் எரிந்து, சிவந்து, பருவும் பூனை முடியும் வர ஆரம்பிக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அதனால் பயந்து மறுபடியும் அதையே போடுவார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது இதற்காகத்தான்.

சரி, பார்லரில் கையில் ஒரு டப்பா கொடுத்தால் எதைப் பார்ப்பீங்க? பின்பக்கத்தைத் திருப்புங்க. தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், என்னென்ன கலந்திருக்கிறது என்ற பட்டியல் - இவை படிக்கக்கூடிய மொழியில் இருக்கணும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரி இருக்கணும். பட்டியலில் மெர்க்குரி என்ற சொல் ஏதாவது ஒரு வடிவத்தில் இருந்தாலோ, 'கேலமெல்' என்று இருந்தாலோ கீழே வைத்துவிடுங்கள். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெடசால் - இவையெல்லாம் ஸ்டீராய்டு. தோல் டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்து எழுதித் தராமல் இவற்றைத் தொடக் கூடாது. பட்டியலில் எழுதாமலே கலப்பவர்களும் உண்டு என்பதால், லேபிளைவிட நம்பகமான அடையாளம் ஒன்று இருக்கிறது. அது வேகம். பத்து நாளில் இரண்டு ஷேடு ஏறியது என்றால் சந்தோஷப்படாதீங்க, சந்தேகப்படுங்க. நிறுத்திய சில வாரத்தில் முன்பைவிடக் கறுத்தால் சந்தேகத்தை உறுதியாக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்தால், பதறி டப்பாவைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டாக இருந்தால் எப்படி நிறுத்துவது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், மாலையில் கணுக்கால் வீக்கம், சிறுநீரில் சோப்பு நுரைபோல் அடங்காத நுரை - இதில் ஏதாவது இருந்தால் தோல் டாக்டரோடு நிற்காமல், சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு டெஸ்ட் எடுங்கள். 'க்ரீம் போட்டேன்' என்பதை வாயைத் திறந்து சொல்லுங்கள். பலர் அதைச் சொல்வதே இல்லை. சிவப்பாக ஆசைப்பட்டோம் என்பதை டாக்டரிடம் சொல்ல அப்படி ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சமும் புதுசுதான். 2020-ல் ஒரு பெரிய கம்பெனி தன் க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றியது நினைவிருக்கும். எங்கள் பார்லரின் விலைப் பலகையும் கொஞ்ச நாளில் மாறிவிட்டது. 'ஃபேர்னஸ் ஃபேஷியல்' போய் 'டீ-டான்', 'பிரைட்டனிங்', 'கிளாஸ் ஸ்கின்' வந்துவிட்டன. கறுப்பாக இருக்கிறாய் என்று யாரும் சொல்வதில்லை. 'டான் ஆயிட்டீங்க' என்கிறார்கள். அதாவது உன் உண்மையான நிறம் வேறு, இது வெயில் படிந்த அழுக்கு, தேய்த்தால் போய்விடும் என்று அர்த்தம். பழைய சொல்லை எதிர்த்துச் சண்டை போடலாம். இதை எதிர்த்து என்ன சொல்வது? நான் இப்போது, 'அக்கா, இது டான் இல்ல, இதுதான் என் கலர்' என்று சொல்லிப் பழகியிருக்கிறேன். முதல் தடவை சொன்னபோது பார்லரே சிரித்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை என்னிடம் எடுப்பதில்லை. பக்கத்து சேரில் இருக்கும் ப்ளஸ் டூ பெண்ணிடம் எடுக்கிறார்!

அகோலா செய்தியைப் போனில் எடுத்துக்கொண்டு போன மாதம் படி ஏறினேன். அக்காவிடம் சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனாலும், உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. கடையில் வேறு யாரும் இல்லை. செய்தியைப் படித்துக் காட்டினேன். அவர் நூலைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். அந்த மூன்று பெண்களும் ஒரே வீடு என்ற இடம் வந்ததும் சுற்றுவதை நிறுத்தினார்.

'சப்ளை பண்ற தம்பி, எல்லா பார்லர்லயும் போகுதுன்னுதான் சொன்னான்' என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து மேல் தட்டிலிருந்து இரண்டு புது டப்பாக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடுத்து, தன் ஹேண்ட்பேகைத் திறந்து, பாதி காலியான மூன்றாவது டப்பாவை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

'ஒரு வருஷமா நானும் இதான் போடுறேன். பார்லர்காரி மூஞ்சி கறுத்திருந்தா யாரு வருவா, சொல்லு?'

எனக்குக் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. அவர் கணுக்காலைப் பார்த்தேன், நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர், வீக்கம் எதனால் என்று எப்படித் தெரியும்? என் பார்வையைக் கவனித்துவிட்டுப் புடவையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டார்.

'அந்த யூரின் டெஸ்டு எவ்ளோ ஆகும்?'

'கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில காசே இல்லக்கா. வெளியில லேப்லனாலும் ஒரு ஃபேஷியல் காசு ஆகாது.'

மறுநாள் காலையில் கடை கொஞ்சம் லேட்டாகத் திறக்கும் என்று பலகையில் எழுதி மாட்டச் சொன்னார். மார்க்கரை எடுத்து நான்தான் எழுதினேன்.